ரிலே அணையும் நொடியில் அர்டுயினோ ஏன் ரீசெட் ஆகிறது: சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு செய்யும் வேலை

கேள்வி: ஐயா, வணக்கம். ரங்கூனில் எங்கள் வீட்டில் மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. அதனால் கீழ்த் தொட்டியிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற 12 வோல்ட் பம்ப் ஒன்றை பேட்டரியில் ஓட்டுகிறேன். அர்டுயினோ நானோ, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு 12 வோல்ட் ரிலே, அவ்வளவுதான். ரிலே அணையும்போது சில தடவை நானோ ரீசெட் ஆகிறது, சில தடவை அப்படியே நின்றுவிடுகிறது. பம்ப் ஓடத் தொடங்கும்போதும் சில நாள் ரீசெட் ஆகிறது. ரிலேக்குக் குறுக்கே டையோடு போடு என்கிறார்கள். அது எப்படிக் காப்பாற்றும்? மோட்டாருக்கும் போட வேண்டுமா?

பதில்:

வணக்கம். டையோடு போடச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த டையோடு, சுருளில் ஓடும் மின்னோட்டத்தை நிறுத்தும் நொடியில் எழும் கேட்டை மட்டுமே தீர்க்கும். உங்கள் இரண்டாவது குறை, அதாவது பம்ப் ஓடத் தொடங்கும்போது வரும் ரீசெட், பெரும்பாலும் வேறு காரணத்தால் வருவது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு டையோடு போட்டுப் பார்த்துவிட்டு, "டையோடு போட்டும் சரியாகவில்லை" என்று சொல்பவர்கள் பலர். ஆகவே முதலில் அணையும்போது நடப்பதைப் பார்ப்போம்.

கடைகளில் கிடைக்கும் சிறிய நீல நிற 12 வோல்ட் ரிலேயின் சுருளுக்கு ஏறத்தாழ 400 ஓம் மின்தடை இருக்கும். எனவே அது ஒட்டியிருக்கும்போது 30 மில்லிஆம்பியர் மின்னோட்டம் ஓடும். சுருளின் தூண்டல் மதிப்பு ரிலேக்கு ரிலே மாறுபடும் என்றாலும், கணக்குக்காக அரை ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். அப்போது அதன் காந்தப்புலத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் மில்லிஜூலில் கால் பங்குகூட இல்லை. இது மிகச் சிறிய அளவுதான். சிக்கல் ஆற்றலின் அளவில் இல்லை, அது எந்த வழியாக வெளியேறுகிறது என்பதில் இருக்கிறது.

சுருளில் ஓடும் மின்னோட்டம் ஒரு கணத்தில் பூச்சியமாக முடியாது. V = L × di/dt என்ற சூத்திரம் சொல்வது இதைத்தான்: மின்னோட்டத்தை எவ்வளவு விரைவாகக் குறைக்க முயல்கிறோமோ, அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தத்தைச் சுருள் தானே எழுப்பிக்கொண்டு அந்த மின்னோட்டத்தைத் தொடர்ந்து ஓட்டப் பார்க்கும். அந்த 30 மில்லிஆம்பியரை ஒரு மைக்ரோவினாடிக்குள் நிறுத்த முடிந்தால் கணக்கின்படி 15,000 வோல்ட் வர வேண்டும். நடைமுறையில் அவ்வளவு வராது, ஏனென்றால் மின்னோட்டத்துக்கு அதற்கு முன்பே வேறு வழிகள் கிடைத்துவிடுகின்றன. டிரான்சிஸ்டர் மூடியவுடன் சுருளின் மின்னோட்டம், சுருளின் சுற்றுகளுக்கிடையிலும் டிரான்சிஸ்டரின் கால்களிலும் வயரிலும் உள்ள சிறு மின்தேக்குத்திறனை நிரப்பத் தொடங்குகிறது. அது மொத்தம் 100 பிக்கோஃபாரட் என்று கொண்டால், கலெக்டர் காலின் மின்னழுத்தம் மைக்ரோவினாடிக்கு 300 வோல்ட் வேகத்தில் ஏறும். BC547 போன்ற டிரான்சிஸ்டர் 45 வோல்ட் வரை தாங்கும் என்றுதான் அதன் தரவுத்தாள் உறுதி தருகிறது. அதைத் தாண்டிச் சில பத்து வோல்ட் ஏறியதும் டிரான்சிஸ்டர் உள்ளே முறிவு நிலைக்குப் போய், மூடியிருக்க வேண்டிய கதவின் வழியாகவே மின்னோட்டத்தைக் கிரவுண்டுக்கு விட்டுவிடும். மின்னழுத்தம் இப்படி ஏறுவது அரை மைக்ரோவினாடிக்குள் நடந்துவிடும். மல்டிமீட்டர் இதில் எதையும் காட்டாது, அலைக்காட்டி இருந்தால்தான் பார்க்க முடியும்.

இப்போது நானோவின் பக்கம் வருவோம். அதன் ஊசிகளில் எதுவும் சுருளோடு நேரடியாகச் சேரவில்லையே, பின் எப்படி அதற்குப் பாதிப்பு வருகிறது என்று கேட்கலாம். முதல் வழி அருகாமை. கலெக்டருக்குப் போகும் வயரும், மிதவை சுவிட்சிலிருந்து வரும் வயரும், ரீசெட் ஊசியில் பொத்தானுக்காக வயர் நீட்டியிருந்தால் அதுவும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தால், அவற்றுக்கிடையே 2 பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் இருப்பது மிகச் சாதாரணம். மைக்ரோவினாடிக்கு 300 வோல்ட் என்ற வேகத்தில் அந்த 2 பிக்கோஃபாரட் வழியாக 0.6 மில்லிஆம்பியர் பாயும். மைக்ரோகன்ட்ரோலரின் உள்ளே ஓர் உள்ளீட்டு ஊசியை 5 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும் மின்தடை 20 முதல் 60 கிலோ ஓம் வரைதான். அந்த அளவு பலவீனமான பிடிப்பால் 0.6 மில்லிஆம்பியரை எதிர்த்து நிற்க முடியாது. இரண்டாவது வழி கிரவுண்ட். டிரான்சிஸ்டர் முறிந்து விடும் மின்னோட்டம் திடீரெனப் பாய்வதும் நிற்பதும் நானோவும் பயன்படுத்தும் அதே கிரவுண்ட் வயரில்தான். நீளமான, மெல்லிய வயர் என்றால் அதன் இரு முனைகளும் அந்த நொடியில் ஒரே மின்னழுத்தத்தில் இருக்காது.

ரீசெட் ஆவதும் "அப்படியே நின்றுவிடுவதும்" ஒன்றல்ல என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். ரீசெட் ஊசியோ மின்வழங்கலோ கலங்கினால் நிரல் முதலிலிருந்து தொடங்கும். 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத் துடிப்பில் ஒன்று குறுகிப் போனால், மைக்ரோகன்ட்ரோலர் ஒரு கட்டளையைத் தவறாகப் படித்து எங்கோ சிக்கிக்கொள்ளலாம். அப்போது யாராவது ரீசெட் பொத்தானை அழுத்தும் வரை அது அங்கேயே கிடக்கும். பம்பை ஓட்டும் சுற்றில் இந்த இரண்டாவது நிலைதான் ஆபத்து. ரிலே ஒட்டியிருக்கும்போது சிக்கிக்கொண்டால் மேல் தொட்டி நிரம்பி வழியும் வரை தெரியாது.

டையோடு இதில் என்ன செய்கிறது? அது சுருளின் இரு கால்களுக்குக் குறுக்கே, சுற்றுக்கட்டுள்ள முனை 12 வோல்ட் பக்கமும் மற்ற முனை கலெக்டர் பக்கமும் இருக்குமாறு இணைக்கப்படுகிறது. ரிலே ஒட்டியிருக்கும்போது டையோடு எதிர்த்திசையில் இருப்பதால் அதில் எதுவும் ஓடாது. டிரான்சிஸ்டர் மூடியதும் கலெக்டர் 12 வோல்ட்டைத் தாண்டி 0.7 வோல்ட் ஏறிய உடனே டையோடு திறந்துகொள்கிறது. சுருளின் கீழ்க் காலிலிருந்து புறப்படும் மின்னோட்டம் டையோடு வழியாக மேல் காலுக்கே திரும்பி, மீண்டும் சுருளுக்குள் போய், அந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது. அது கிரவுண்டுக்கு வருவதே இல்லை, டிரான்சிஸ்டரையும் தொடுவதில்லை. கலெக்டரின் மின்னழுத்தமும் 80, 90 வோல்ட்டுக்குப் போகாமல் 12.7 வோல்ட்டில் நின்றுவிடுவதால், பக்கத்து வயர்களுக்குத் தாவும் துடிப்பும் அந்த அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. சுருளில் இருந்த ஆற்றல் அதன் சொந்த 400 ஓம் மின்தடையிலேயே சில மில்லிவினாடிகளில் வெப்பமாகக் கரைகிறது.

இதற்கு எந்த டையோடு என்பதில் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. டையோடில் ஓடும் உச்ச மின்னோட்டம், சுருளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அதே 30 மில்லிஆம்பியர்தான், அதற்கு மேல் ஒருபோதும் போகாது. பழைய சார்ஜர் போர்டிலிருந்து கழற்றிய 1N4007 போதும், சிறிய 1N4148-உம் தாங்கும். டையோடை ரிலேயின் கால்களிலேயே பற்றவைப்பது நல்லது. ரிலே ஓரிடத்திலும் டையோடு இன்னோர் இடத்திலும் இருந்தால், அந்தச் சுழல் மின்னோட்டம் நீளமான வயர் முழுவதையும் சுற்றிவரும். திசையை மட்டும் இரண்டு முறை பாருங்கள். திருப்பிப் போட்டால் டிரான்சிஸ்டர் திறந்தவுடன் 12 வோல்ட் முழுவதும் டையோடு வழியாகக் குறுக்கிட்டு ஓடும். ரிலே ஒட்டாது, டிரான்சிஸ்டர் சுட்டுப் போகும். ரிலே ஒட்டாததைக் கண்டு ரிலேயைக் குறை சொல்பவர்கள் டிரான்சிஸ்டரை விரலால் தொட்டுப் பார்த்தால் உடனே காரணம் தெரியும்.

ஒரு விலை உண்டு. மின்னோட்டம் மெதுவாகக் கரைவதால் ரிலேயும் சற்றுத் தாமதமாக விடுபடும். மேலே கொண்ட அளவுகளின்படி மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ இரண்டரை மில்லிவினாடி ஆகும். தாமதத்தைவிட, தொடுமுனைகள் மெதுவாகப் பிரிவதுதான் கவனிக்க வேண்டியது, ஏனெனில் மெதுவாகப் பிரியும் தொடுமுனைகளுக்கிடையே பொறி நீண்ட நேரம் நிற்கும். டையோடோடு தொடராக ஒரு 24 வோல்ட் ஜீனர் சேர்த்தால் கலெக்டர் ஏறத்தாழ 37 வோல்ட் வரை ஏறும். அது BC547-இன் 45 வோல்ட்டுக்குள்ளேயே இருக்கிறது, விடுபடும் நேரமும் அரை மில்லிவினாடிக்கு அருகில் குறைந்துவிடும். நாள் முழுவதும் அடித்துக்கொண்டே இருக்கும் ரிலேக்கு அது பயன்படும். ஒரு நாளில் நான்கைந்து முறை மட்டும் ஓடும் பம்புக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

இனி பம்ப் தொடங்கும்போது வரும் ரீசெட். ரிலே ஒட்டும்போது சுருளின் மின்னோட்டம் பூச்சியத்திலிருந்து மெதுவாகத்தான் ஏறுகிறது. அங்கே துடிப்பு எதுவும் எழ வழியில்லை, எனவே டையோடுக்கும் அங்கே வேலை இல்லை. அந்த நொடியில் நடப்பது வேறு. நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் வரை அது வெறும் செம்புக் கம்பிதான். ஓடும்போது 4 ஆம்பியர் எடுக்கும் ஒரு பம்பின் சுருட்டு மின்தடை 0.6 ஓம் என்று கொள்வோம். பேட்டரியிலிருந்து பம்புக்கு 6 மீட்டர் தூரம், வயர் முக்கால் சதுர மில்லிமீட்டர் என்றால், போக வர 12 மீட்டருக்கு 0.28 ஓம். கிளிப்புகளும் பேட்டரியின் உள்தடையும் 0.12 ஓம் என்றால் பாதையில் மொத்தம் 0.4 ஓம். மோட்டாரையும் சேர்த்தால் 1 ஓம், ஆகவே தொடக்கத்தில் 12 ஆம்பியர் இழுக்கும். வழியிலேயே 4.8 வோல்ட் விழுந்து, பம்பின் முனையில் 7.2 வோல்ட்தான் மிஞ்சும். நானோவுக்கு மின்சாரத்தை அதே முனையிலிருந்து எடுத்திருந்தால் அதற்கும் அதே 7.2 வோல்ட்தான். போர்டில் உள்ள ரெகுலேட்டர் 5 வோல்ட்டைத் தவறாமல் தர ஏறத்தாழ 7 வோல்ட் வேண்டும் என்பதால் இதுவரை தப்பித்துவிடும்.

ஆனால் பேட்டரி பழையதாகி, மழைக்காலத்தில் கிளிப்புகளில் பச்சைப் படிந்து, பாதையில் இன்னும் 0.3 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். இப்போது முனையில் மிஞ்சுவது 5.5 வோல்ட். ரெகுலேட்டருக்குப் பின் மூன்றரை வோல்ட் கிடைத்தாலே பெரிது. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அந்தச் சிப்புக்கு 3.8 வோல்ட்டுக்குக் கீழே ஒழுங்காக ஓடும் உறுதி இல்லை. "சில நாள்" மட்டும் ரீசெட் ஆகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதோடு பொருந்துகிறது: மின்சாரம் நெடுநேரம் வராமல் பேட்டரி இறங்கியிருக்கும் நாள்களில்தான் அது நடக்கிறதா என்று பாருங்கள். இன்னோர் அடையாளமும் உண்டு. நானோ ரீசெட் ஆனால் ரிலே விடுபடும், பம்ப் நிற்கும், மின்னழுத்தம் மீண்டும் ஏறும், நானோ எழுந்து தொட்டி காலியாக இருப்பதைப் பார்த்து ரிலேயை மறுபடி ஒட்ட வைக்கும், பம்ப் மறுபடி இழுக்கும். இரண்டு மூன்று வினாடிக்கு ஒருமுறை "டக்" "டக்" என்று ரிலே அடித்துக்கொண்டே இருந்தால், அது டையோடு இல்லாத குறையன்று, மின்வழங்கல் விழும் குறை.

எது எது என்று ஊகிப்பதைவிடப் பிரித்துப் பார்ப்பது எளிது. ரிலேயின் தொடுமுனையிலிருந்து பம்பின் வயரைக் கழற்றிவிட்டு, ரிலேயை மட்டும் பலமுறை ஒட்டவும் விடவும் செய்யுங்கள். பம்ப் இல்லாமலே அணையும் நொடியில் ரீசெட் ஆனால் சுருள்தான் காரணம், டையோடு அதைத் தீர்க்கும். பம்பை இணைத்தால் மட்டும், அதுவும் தொடங்கும்போது ஆனால் மேலே சொன்ன மின்னழுத்த வீழ்ச்சி. பம்பை இணைத்தால் மட்டும், ஆனால் அணையும்போது ஆனால், மோட்டாரின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் தொடுமுனைகளுக்கிடையே எழும் பொறி.

சிப்பும் தன் பங்குக்கு ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. கடைசி ரீசெட் எதனால் வந்தது என்பதை `MCUSR` என்ற பதிவகத்தில் அது எழுதிவைக்கும்:

```
void setup() {
  uint8_t c = MCUSR;
  MCUSR = 0;
  Serial.begin(9600);
  Serial.println(c, BIN);
}
void loop() {}
```

திரையில் `10` வந்தால் ரீசெட் ஊசி கீழே இழுக்கப்பட்டிருக்கிறது, அதாவது துடிப்பு வயரில் ஏறியிருக்கிறது. `100` வந்தால் மின்வழங்கல் விழுந்திருக்கிறது. இதில் ஒரு தடங்கல்: நானோவில் வரும் பூட்லோடர் பெரும்பாலும் உங்கள் நிரல் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பதிவகத்தை அழித்துவிடும். அப்போது `0` என்றே வரும். பூட்லோடர் இல்லாமல் நிரலை ஐஎஸ்பி புரோகிராமர் வழியாக ஏற்றினால் சரியான விடை கிடைக்கும். யுஎஸ்பி வயரைச் செருகியபடி இதைச் சோதித்தால், நானோ கணினியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு வீழ்ச்சியை மறைத்துவிடக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சீரியல் வழியில் கிரவுண்டையும் அனுப்பும் வயரையும் மட்டும் கணினிக்கு இணைப்பது நம்பகமானது.

மின்வழங்கல் விழுவதுதான் காரணம் என்றால் முதல் வேலை, நானோவுக்கும் ரிலேச் சுருளுக்கும் தனி இரு வயர்களைப் பேட்டரியின் முனைகளிலிருந்தே எடுப்பது. பம்பின் வயரில் விழும் மின்னழுத்தம் பிறகு நானோவைத் தொடாது. கிளிப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும் இதே வேலையின் பகுதிதான். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால், நானோவுக்குப் போகும் 12 வோல்ட் வழியில் ஒரு டையோடைத் தொடராக வைத்து, அதற்குப் பின் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றைக் கிரவுண்டுக்கு இணையுங்கள். நானோ 30 மில்லிஆம்பியர் எடுக்கிறது என்றால், கெப்பாசிட்டர் 11 வோல்ட்டிலிருந்து 7 வோல்ட்டுக்கு இறங்க 130 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். சிறிய பம்ப் சுழலத் தொடங்க அது பெரும்பாலும் போதும். இந்த டையோடு சுருளுக்குக் குறுக்கே போடும் டையோடு அன்று. கெப்பாசிட்டரில் சேர்த்ததை மோட்டார் பின்பக்கமாக உறிஞ்சிவிடாமல் தடுப்பதே இதன் வேலை.

மோட்டாருக்கும் போட வேண்டுமா என்று கேட்டீர்கள். ஒரே திசையில் ஓடும் 12 வோல்ட் பம்புக்குப் போடலாம், போட வேண்டும் என்றே சொல்வேன். ரிலேயின் தொடுமுனை பிரியும்போது மோட்டாரின் 4 ஆம்பியர் மின்னோட்டமும் அதே வகையில் வழி தேடும். டையோடு இல்லாவிட்டால் அது தொடுமுனைகளுக்கிடையே பொறியாகக் கிளம்பி, ரேடியோவில் இரைச்சலாகவும் நானோவில் ரீசெட்டாகவும் தெரியும், தொடுமுனையும் கருகும். இங்கே 1N4148 ஒத்துவராது. 1N5408 அல்லது 1N5822 போன்ற 3 ஆம்பியர் டையோடு வேண்டும். மோட்டாரின் மின்னோட்டம் அதில் ஓடுவது ஒரு கணம்தான் என்பதால் அது 4 ஆம்பியரைத் தாங்கிவிடும். பம்பின் வயர்களை யாராவது மாற்றி இணைத்தால் டையோடு நேரே பேட்டரிக்குக் குறுக்கே வந்துவிடும். ஆகவே பேட்டரி முனையில் ஒரு ஃபியூஸ் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

டையோடு போட்ட பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடையில் நானோ தடுமாறினால், அது கார்பன் பிரஷ்களின் வேலை. மோட்டாரின் உள்ளே பிரஷ் ஒவ்வொரு தகட்டைக் கடக்கும்போதும் ஒரு சிறு சுருளின் மின்னோட்டம் துண்டிக்கப்படுகிறது. வெளியே இருக்கும் டையோடால் உள்ளே நடப்பதை அடக்க முடியாது. மோட்டாரின் இரு முனைகளுக்குக் குறுக்கே 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை, வயரில் அல்லாமல் மோட்டாரின் முனைகளிலேயே பற்றவைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

பின்னாளில் ரிலேயை விட்டுவிட்டு மாஸ்ஃபெட் வைத்துப் பம்பின் வேகத்தைக் குறைக்க எண்ணினால் 1N5408-ஐ அங்கே வைக்காதீர்கள். வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் சுற்றில், அது திறந்த நிலையிலிருந்து மூடிய நிலைக்கு வர எடுக்கும் நேரமே புதிய துடிப்புகளை எழுப்பும், மாஸ்ஃபெட்டும் சூடேறும். அங்கே 1N5822 போன்ற ஷாட்கி வகைதான் பொருந்தும், அதுவும் 3 ஆம்பியருக்குள் ஓடும் பம்புக்கு மட்டும். மேலே கொண்ட 4 ஆம்பியர் பம்பானால் 5 ஆம்பியருக்குக் குறையாத ஷாட்கி வேண்டும், ஏனெனில் வேகத்தைக் குறைக்கும் சுற்றில் டையோடு ஒவ்வொரு சுழற்சியிலும் வேலை செய்யும்.

மின்சாரம் வரும் நேரத்தில் 230 வோல்ட் பம்பையும் இதே ரிலேயில் ஓட்ட நினைத்தால், அந்தப் பம்புக்குக் குறுக்கே எந்த டையோடும் கூடாது. மாறுதிசை மின்சாரத்தில் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பாதியில் டையோடு திறந்துகொள்ளும், அது நேரடிக் குறுக்குச்சுற்று. அங்கே தொடுமுனைகளுக்குக் குறுக்கே 100 ஓம் மின்தடையும் எக்ஸ்2 என்று அச்சிட்ட 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக வைப்பார்கள். அப்படி வைத்தால் ரிலே விடுபட்ட பிறகும் அந்தக் கெப்பாசிட்டர் வழியாகச் சில மில்லிஆம்பியர் கசிந்துகொண்டிருக்கும். பம்பு ஓடாவிட்டாலும் அதன் முனையைத் தொட்டால் அடிக்கும் என்பதால், பழுது பார்க்கும்போது மெயின் சுவிட்சையே அணைக்க வேண்டும்.